ஐந்து நிமிடம் ஒரு கண் இருண்டு, திரும்பத் தெரிந்தது: அப்பாவுக்கு நடந்தது

கும்பகோணம் மகள்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அப்பா திண்ணையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர், "இடது கண்ணுல மேலேருந்து சாம்பல் நிறத்துல திரை மாதிரி இறங்குது" என்று கூப்பிட்டார். வலி இல்லை, சிவப்பு இல்லை, உறுத்தல் இல்லை. வலது கண்ணைக் கையால் மூடிக்கொண்டு என்னைப் பார்த்தார். முதலில் என் முகம் மறைந்து புடவைக் கரை மட்டும் தெரிந்ததாம். அப்புறம் அதுவும் போய்விட்டது. கையை மாற்றி இடது கண்ணை மூடினால் வலதில் எல்லாம் பளிச்சென்று தெரிகிறது. ஐந்தாறு நிமிடம் இருக்கும், வந்த வழியே திரை மேலேறிப் போய்விட்டது.

அப்பாவுக்கு 64 வயது. பிபி மாத்திரை 12 வருடமாகச் சாப்பிடுகிறார், பீடியை விட்டு மூன்று வருடம். "சரியாப் போச்சும்மா, திங்கட்கிழமை பார்த்துக்கலாம்" என்றார். நானும் தலையாட்டியிருப்பேன். போனில் பேசிய தம்பிதான் விடவில்லை.

கண் ஆஸ்பத்திரியில் டியூட்டி டாக்டர் சொட்டு மருந்து விட்டு, பாவை விரிந்ததும் நெடுநேரம் உள்ளே பார்த்தார். "பார்வை நல்லா இருக்கு. ஆனா ஒரு ரத்தக் குழாய் ரெண்டா பிரியற இடத்துல மஞ்சளா ஒரு பொட்டு மின்னுது. அது கண்ணுல உண்டானது இல்ல, பெரும்பாலும் கழுத்துக் குழாய்லேருந்து உடைஞ்சு வந்த கொழுப்புத் துணுக்கு. இன்னிக்கே பக்கவாதம் பார்க்கிற ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்று கடிதம் எழுதிக் கொடுத்தார். "அவர் நல்லா நடக்கிறார், பேசுறாரே டாக்டர்" என்றேன். "அதனாலதான் இன்னிக்கே போகச் சொல்றேன்" என்றார்.

தஞ்சாவூர் போனோம். சி.டி.யில் ஒன்றுமில்லை. சாயங்காலம் எடுத்த எம்.ஆர்.ஐ.யில் மூளையின் இடது பக்கம் வெள்ளையாக இரண்டு புள்ளிகள். புதிய சேதம் என்றார்கள். அப்பாவுக்கு அப்படி எந்த அறிகுறியும் தெரியவில்லை. கழுத்து ஸ்கேனில் இடது கரோட்டிட் குழாயில் 80 சதவீத அடைப்பு. எட்டாம் நாள் ஆபரேஷன் செய்து அடைப்பைச் சுரண்டி எடுத்தார்கள்.

கண் தானாகச் சரியானதால் நாங்கள் வீட்டிலேயே இருந்துவிடப் பார்த்தோம். அதனால்தான் எழுதுகிறேன். உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி வந்ததா?

வேலூர்வாசி

எனக்கும் வந்தது அக்கா. தூங்கி எழுந்தால் வலது கண்ணில் நடுவில் புகை மூட்டம். வலி கிடையாது. விழித்திரை நரம்பில் அடைப்பு, நீர் கோத்திருக்கிறது என்று சொல்லி மாதம் ஒரு ஊசி கண்ணிலேயே போட்டார்கள். ஐந்து ஊசியில் முக்கால்வாசி திரும்பிவிட்டது. இதெல்லாம் சுகர், பிபியால் வருவது. கண் டாக்டர் போதும். கழுத்து ஸ்கேன், மூளை ஸ்கேன் என்று அலைய வைப்பது தேவையில்லை என்பது என் அபிப்பிராயம்.

அவசரப் பிரிவு டாக்டர்

வேலூர் சார், உங்களுக்கு அடைத்தது அசுத்த ரத்தம் திரும்பிப் போகும் சிரை. அதற்கு நீங்கள் செய்துகொண்ட வைத்தியம் சரியானது, பிபி, சுகரைப் பார்க்க வேண்டும் என்பதும் சரி. இவர் அப்பாவுக்கு அடைத்தது ரத்தம் கொண்டுவரும் தமனி. கண்ணுக்கு ரத்தம் தரும் குழாய் கழுத்துக் கரோட்டிட்டிலிருந்து வரும் ஒரு கிளை. அதே கரோட்டிட்தான் மேலே போய் மூளைக்கும் ரத்தம் தருகிறது. அங்கிருந்து உடைந்த துணுக்கு இந்த முறை கண்ணுக்குப் போனது, அடுத்தது எந்தப் பக்கம் போகும் என்று சொல்ல முடியாது. அந்த ஆபத்து முதல் சில நாட்களில்தான் மிக அதிகம். கழுத்து ஆபரேஷனை இரண்டு வாரத்துக்குள் முடிக்கப் பார்ப்பதும் அதனால்தான்.

வீட்டில் எது சிரை, எது தமனி என்று கண்டுபிடிக்க முடியாது. வலியில்லாமல் திடீரென ஒரு கண் இருண்டால், தெளிந்துவிட்டாலும், அன்றைக்கே காட்டுங்கள். இருட்டு விலகாவிட்டால் நேராக 108. ஒரு கண்ணை மாற்றி மாற்றி மூடிப் பார்த்தீர்கள் பாருங்கள், அது மிக முக்கியம். எந்தக் கண்ணை மூடினாலும் ஒரே பக்கம் தெரியவில்லை என்றால் கோளாறு கண்ணில் இல்லை, மூளையில்.

சேலம் செல்வி

என் அம்மாவுக்குத் திரை மேலே ஏறவே இல்லை. ராத்திரி ஏழு மணிக்குச் சாமி விளக்கை ஏற்றும்போது ஒரு கண் அணைந்துவிட்டது. கண்புரை முற்றிவிட்டது என்று நினைத்து மறுநாள் மாலை கண்ணாடிக் கடைக்குக் கூட்டிப்போனோம். கடைக்காரர்தான் பயந்துபோய் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். விழித்திரை வெளுத்து நடுவில் செர்ரிப் பழம் மாதிரி சிவப்பாக இருக்கிறது, மையத் தமனி முழுதாக அடைத்துவிட்டது என்றார்கள். அதற்குள் 24 மணி நேரம் ஆகிவிட்டது. இப்போது அந்தக் கண்ணுக்குக் கை அசைவு மட்டும் தெரியும். ஈ.சி.ஜி. எடுத்தால் இதயம் தாறுமாறாகத் துடிக்கிறது, அங்கே உறைந்த கட்டிதான் வந்திருக்கிறது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். டாக்டர், உடனே போயிருந்தால் காப்பாற்றியிருக்கலாமா? இந்தக் கேள்வி என்னைத் தூங்க விடுவதில்லை.

அவசரப் பிரிவு டாக்டர்

உறுதியாகச் சொல்ல முடியாதம்மா. ஹைரே என்ற கண் மருத்துவர் குரங்குகளில் அந்தத் தமனியை அடைத்துப் பார்த்தார். 97 நிமிடம் வரை விழித்திரை தாங்கியது, 240 நிமிடத்தில் பெரும் சேதம். அதனால் கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் சில இடங்களில் போடுகிறார்கள். அது பார்வையைத் திருப்பித் தரும் என்று இன்னும் நிரூபணமாகவில்லை. கண்ணை அமுக்கிவிடுவது, அழுத்தம் குறைப்பது போன்ற பழைய முறைகளும் அப்படித்தான். ஏழரை மணிக்கே வந்திருந்தாலும் பார்வை திரும்பியிருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் இதயத் துடிப்புக் கோளாறு பிடிபட்டு, அதற்கு மாத்திரையும் ஆரம்பித்துவிட்டீர்கள். அதை ஒரு நாள்கூட விடாதீர்கள்.

நெல்லை ராஜா

எனக்கு ரெண்டு வாரமாக ஒரு கண்ணில் கொசு பறக்கிற மாதிரி புள்ளிகள், ஓரத்தில் மின்னல் வெட்டுகிறது. நானும் கழுத்து ஸ்கேன் எடுக்கணுமா? அப்புறம், பக்கவாதம்னா உடனே ஆஸ்பிரின் கொடுக்கணும்னு வாட்ஸ்அப்பில் வந்ததே?

அவசரப் பிரிவு டாக்டர்

ராஜா, உங்களுடையது வேறு கதை. அது விழித்திரை கிழிந்ததாக இருக்கலாம். கழுத்து ஸ்கேன் வேண்டாம், நாளைக்குள் கண் டாக்டர் பாவையை விரித்துப் பார்க்கட்டும். ஓரத்திலிருந்து நிழல் ஏறினால் நாளை வரை காத்திருக்காதீர்கள். ஆஸ்பிரினை வீட்டில் கொடுக்காதீர்கள். மூளையில் ரத்தக் கசிவா, அடைப்பா என்பது சி.டி. எடுத்தால்தான் தெரியும்.

இன்னொன்று. 50 வயது தாண்டியவர்களுக்குக் கண் மங்குவதோடு தலை சீவும்போது நெற்றிப்பொட்டில் வலி, சாப்பிடும்போது தாடை வலி இருந்தால் அதைக் கட்டாயம் டாக்டரிடம் சொல்லுங்கள். ரத்தக் குழாயே வீங்கும் ஒரு நோய் அது. நம் ஊரில் அரிது. ஆனால் ஸ்டீராய்டு தொடங்காவிட்டால் சில நாட்களில் அடுத்த கண்ணும் போய்விடலாம். இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. ரத்தப் பரிசோதனையில் துப்புக் கிடைக்கும்.

வேலூர்வாசி

டாக்டர், நான் எழுதியதைத் திரும்பப் படித்தேன். எனக்குக் கழுத்து ஸ்கேன் யாரும் எடுக்கவில்லை. இப்போது எடுக்க வேண்டுமா, வேண்டாமா?

அவசரப் பிரிவு டாக்டர்

சிரை அடைப்புக்கு மட்டும் என்றால் வழக்கமாக எடுப்பதில்லை. உங்களைப் பார்க்கிறவரிடம் கேளுங்கள், நான் இங்கிருந்து சொல்வது சரியாக இருக்காது.

கும்பகோணம் மகள்

செல்வி, உங்கள் அம்மாவை நினைத்துக்கொண்டே இருக்கிறேன். எங்கள் வீட்டிலும் திங்கட்கிழமை வரை காத்திருக்கத்தான் கிளம்பினோம்.

அப்பாவுக்கு வலது கழுத்துக் குழாயிலும் 40 சதவீதம் இருக்கிறது. அதற்கு ஆபரேஷன் வேண்டாம், மாத்திரை போதும் என்கிறார்கள், ஆறு மாதத்தில் மறுபடி ஸ்கேன். தினமும் காலையில் பல் தேய்த்ததும் நாள்காட்டி முன்னால் நின்று ஒரு கண்ணை மூடித் தேதியைப் படிக்கிறார், பிறகு கையை மாற்றி மறு கண்ணால் கிழமையைப் படிக்கிறார். இன்றைக்கு இரண்டும் சரியாக இருந்தது.