கோயில் வளைவு தெருவிளக்கு: மனுவை எந்தத் துறைக்குப் போடுவது?

அன்புள்ள ஊர்க்காரர்களுக்கு,

கோயில் வளைவு விளக்கு போய் ஒரு மாதம் ஆகிறது. போன வாரம் அந்த இருட்டில் காட்டெருமை நிற்பது தெரியாமல் அம்மா கிட்டத்தில் போய்விட்டார். அதற்காக முதல்வரின் முகவரி தளத்தில் (cmhelpline.tnega.org) மனு போட்டேன். இரண்டு தடவை தப்பான துறைக்குப் போனது.

"கம்பம் மின்வாரியத்துடையது, அதனால் எரிசக்தித் துறை" என்றார் செல்வம் மாமா. கம்பத்தைப் பற்றி மாமா சொன்னது சரிதான். ஆனால் அதில் மாட்டியிருக்கும் விளக்கும், அது எரிவதற்கான கரண்ட் பில்லும் உள்ளாட்சியின் பொறுப்பு. "உள்ளாட்சியை அணுகவும்" என்று மனு முடிந்தது. அடுத்து, முகவரியில் குன்னூர் என்று இருப்பதால் நகராட்சியைத் தேர்ந்தெடுத்தேன். "எங்கள் எல்லையில் வரவில்லை" என்று அதுவும் முடிந்தது.

முன்பு ஊராட்சியில் வேலை பார்த்த ஜெயா அக்காதான் வழி சொன்னார்: "தபால் முகவரியைப் பார்க்காதே, வீட்டு வரி ரசீதைப் பார்." எடுத்துப் பார்த்தால் நம்முடையது கிராம ஊராட்சி. அப்படியானால் துறை, ஊரக வளர்ச்சி மற்றும் ஊராட்சித் துறை. அங்கிருந்து மனு வட்டார வளர்ச்சி அலுவலருக்குப் போகும். அவரிலும் இரண்டு பேர் உண்டு. நமக்கு வேண்டியவர் 'கிராம ஊராட்சி' என்று போட்டிருப்பவர். கேத்தி, ஜெகதளா பக்கம் வீடு உள்ளவர்களுக்குப் பேரூராட்சி. வெலிங்டன் கண்டோன்மென்ட் எல்லைக்குள் என்றால் அது பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் வருவது, மாநிலத் தளத்தில் போட்டுப் பயனில்லை.

அக்கா இன்னொன்றும் கேட்டார்: "ஒரு விளக்கு மட்டுமா, வரிசையாகவா?" பக்கத்துக் கம்பங்களில் எரிந்து ஒன்று மட்டும் அணைந்திருந்தால் விளக்கிலோ பொருத்தியிலோ கோளாறு, ஊராட்சி வேலை. வீடுகளிலும் சேர்ந்து கரண்ட் இல்லை, அல்லது கம்பி தொங்குகிறது என்றால் மின்வாரியம். அதற்கு மனு எழுதிக் காத்திருக்காமல் மின்னகத்துக்கு, 94987 94987, உடனே போன் செய்யச் சொன்னார்.

ராஜா அண்ணன் தன் வீட்டில் மோட்டார் இழுக்கவில்லை என்று இதே இழையில் எழுதியிருக்கிறார். அண்ணா, அது வோல்டேஜ் குறைவு, உங்கள் வீட்டு இணைப்பு எண்ணோடு மின்னகத்தில் சொல்லுங்கள். தெருவிளக்கு மனுவில் அதைச் சேர்த்தால் இரண்டுமே நடக்காமல் நின்றுவிடும்.

என் துபாய் எண்ணுக்கு ஓடிபி வரவில்லை, அம்மாவின் எண்ணில் பதிந்தேன். அது நல்லதாகப் போயிற்று. நேற்று ஊராட்சியிலிருந்து இடம் கேட்டு அழைத்தார்கள், அம்மா "மாரியம்மன் கோயில் தாண்டி இரண்டாவது கம்பம்" என்று சொல்லிவிட்டார். மனுவில் நான் எழுதியிருந்தது "கோயில் வளைவு" மட்டும். அந்தக் கம்பத்தில் பெயின்டில் எழுதியிருக்கும் எண்ணை ஊரில் இருப்பவர் யாராவது படம் எடுத்து அனுப்புங்கள், சேர்த்துவிடுகிறேன்.

எஸ்டேட் கேட்டுக்கு வெளியே இருக்கும் இரண்டு விளக்கு யாருடையது என்பதில் மட்டும் எனக்கும் அக்காவுக்கும் இன்னும் ஒத்துப்போகவில்லை. எஸ்டேட் போட்டது என்கிறார் அவர். ஊராட்சி ஆள் ஏணி போட்டு ஏறியதைப் பார்த்த ஞாபகம் எனக்கு.

— குமார்