ஜப்பான் கிளையன்ட்டுக்கு உள்ளதை உள்ளபடி எழுதினால் என்ன தப்பு?

வேளச்சேரி விக்கி:
எங்கள் டீம் சென்னையில், கிளையன்ட் ஒசாகாவில். ஏப்ரல் 17 அன்று மூன்று கேள்விகள் அனுப்பினோம். இன்று மே 9, ஒன்றுக்கும் பதில் இல்லை. டெலிவரி மே 23. நான் எழுதிய மெயில் இது (ஆங்கிலத்தில் எழுதியது, இங்கே தமிழில் தருகிறேன்):

"ஏப்ரல் 17 முதல் எங்கள் மூன்று கேள்விகளுக்கு நீங்கள் பதில் தரவில்லை. உங்கள் தாமதத்தால் மே 23 டெலிவரி சாத்தியமில்லை. இதற்கு நாங்கள் பொறுப்பல்ல. உடனே பதில் அனுப்பவும்."

அவர்கள் பக்கத்துப் பொறுப்பாளருக்கு டூ, அவருடைய மேனேஜருக்கு சிசி. என் மேனேஜர் பார்த்துவிட்டு "மரியாதையா மாத்தி எழுது" என்று திருப்பிவிட்டார். இதில் எந்த வரி பொய்? எதற்குச் சுற்றி வளைக்க வேண்டும்?

கறார் கந்தசாமி:
ஒரு வரியும் மாற்றாதீர்கள். நான் ஒப்பந்தங்கள் பார்க்கும் வேலையில் இருக்கிறேன். நாளை தாமதத்துக்கு அபராதம் என்று வந்தால் எல்லாரும் தேடுவது மெயிலைத்தான். "உங்களுக்கு நேரம் இருக்கும்போது" என்று குழைந்து எழுதியிருந்தால், நீங்கள் அவசரம் என்று சொல்லவே இல்லையே என்பார்கள். எந்தத் தேதியில் கேட்டோம், யார் பதில் தரவில்லை, விளைவு என்ன, இந்த மூன்றும் கறுப்பு வெள்ளையில் இருக்கட்டும்.

பீளமேடு பம்ப்செட்:
எங்கள் கஸ்டமர் ஜெர்மன்காரர். அவரிடம் நான்கு வரி நலம் விசாரித்தால் "விஷயம் என்ன?" என்று கேட்பார். வெளிநாட்டுக்காரர்கள் எல்லாருக்கும் நேரடிப் பேச்சுதான் பிடிக்கும். நம்மூர்க்காரர்கள்தான் வழவழ என்று எழுதுவோம்.

நீலவானம்:
பம்ப்செட் சார், ஜெர்மனிக்கு நீங்கள் சொல்வது சரிதான். ஆனால் ஒசாகா ஜெர்மனியில் இல்லையே!

விக்கி, நான் தோக்கியோவில் பிரிட்ஜ் எஞ்சினியராக இருந்தவள். இரண்டு பக்கத்துக்கும் நடுவில் நின்று திட்டு வாங்குகிற வேலை. மெயிலைத் தொடும் முன் ஒரு கேள்வி: மே 23 நிஜமாகவே சாத்தியமில்லையா? மூன்று கேள்விகளில் வேலையைத் தடுத்து நிற்பது எது?

வேளச்சேரி விக்கி:
எங்கள் கேள்விப் பட்டியலில் எண் 14தான் பெரியது. தள்ளுபடிக் கணக்கை வரிக்கு முன் கழிப்பதா, பின் கழிப்பதா என்பது. பதில் வந்தால் கோடிங் 5 நாள், டெஸ்டிங் 2 நாள். 15, 17 சின்னது, கடைசியில்கூட செய்யலாம்.

நீலவானம்:
அப்படியானால் மே 14க்குள் பதில் வந்தால் நடுவில் ஏழு வேலை நாள் இருக்கிறது, 23 அன்று கொடுத்துவிடலாம். ஆக "சாத்தியமில்லை" என்ற வரி கடுமையானது மட்டும் இல்லை, கணக்கும் சரியில்லை. இதுமாதிரி மெயில்களில் நான் அதிகம் பார்த்த குறை இதுதான். கோபம் இருக்கும், கிளையன்ட் எதை எந்தத் தேதிக்குள் செய்தால் நிலைமை சரியாகும் என்பது மட்டும் இருக்காது.

அடுத்தது, ஏப்ரல் 17க்கும் மே 9க்கும் நடுவில் என்ன இருந்தது? ஏப்ரல் 29இல் தொடங்கி மே முதல் வாரம் வரை அங்கே கோல்டன் வீக் என்று விடுமுறைக் காலம். அது போக, தள்ளுபடி விதியைப் பொறுப்பாளர் தனியாக முடிவு செய்ய முடியாது. விற்பனைப் பிரிவு, கணக்குப் பிரிவு இரண்டும் ஒத்துக்கொண்டு காகிதம் மேலே போய்த் திரும்ப வேண்டும். அவர் சும்மா இருக்கிறார் என்று நீங்கள் நினைக்கும் நாட்களில் உள்ளே அலைந்துகொண்டிருக்கலாம்.

இனி மெயில். நான் இப்படி எழுதுவேன்:

தலைப்பு: 【ஆலோசனை】 மே 23 டெலிவரி: எண் 14க்கு மே 14க்குள் முடிவு தேவை

"எப்போதும் தரும் ஒத்துழைப்புக்கு நன்றி. டெலிவரி தேதி பற்றி உங்களிடம் ஆலோசனை கேட்க எழுதுகிறேன்.

கேள்விப் பட்டியலில் 14, 15, 17 இன்னும் முடிவாகாமல் இருக்கின்றன. ஏற்கெனவே பதில் அனுப்பி, எங்கள் கண்ணில் படாமல் போயிருந்தால் மன்னிக்கவும்.

எண் 14 மே 14க்குள் முடிவானால், திட்டப்படி மே 23 அன்று தருகிறோம். அதற்குப் பிறகு என்றால், முடிவான நாளிலிருந்து 7 வேலை நாள் தேவை.

உள்ளே பேச இன்னும் நேரம் வேண்டுமென்றால், இப்போதைய சிஸ்டத்தில் உள்ள விதிப்படியே நாங்கள் செய்து வைக்கலாமா? பிறகு விதி மாறினால் திருத்த 3 நாள் ஆகும்.

விடுமுறை முடிந்து வேலை குவிந்திருக்கும் நேரத்தில் தொந்தரவு தருகிறோம், மன்னிக்கவும். எந்த வழி வசதி என்று மே 12 அன்று சொல்ல முடிந்தால் பெரிய உதவி."

"நீங்கள் தரவில்லை" என்பது போய் "முடிவாகாமல் இருக்கின்றன" என்று வந்திருக்கிறது, கவனியுங்கள். கேள்வி நிற்கிறது, ஆள் நிற்கவில்லை. "கண்ணில் படாமல் போயிருந்தால்" என்பது அவர்களே தினமும் எழுதுகிற வரி. பதில் தராதவர் முகம் கறுக்காமல் வந்து பதில் தர ஒரு வாசல் அது. ஆனால் தேதியையும் நாள் கணக்கையும் நான் எங்குமே மெதுவாக்கவில்லை. அதில் குழைந்தால் வேறு வம்பு வரும்.

கறார் கந்தசாமி:
நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இரண்டு இடத்தில் மன்னிப்பு! தப்பு அவர்களுடையது, மன்னிப்பு நம்முடையதா? ஒப்பந்தத் தகராறில் மன்னிப்பு என்றால் ஒப்புதல் என்றுதான் வாதாடுவார்கள்.

நீலவானம்:
எதற்கு மன்னிப்பு என்று பாருங்கள். மெயிலைக் கவனிக்காமல் போயிருந்தால் அதற்கு, வேலை நேரத்தில் தொந்தரவு தருவதற்கு. தாமதத்துக்கு மன்னிப்பு எங்கேயும் இல்லை, அதை நானும் எழுத மாட்டேன். "டெலிவரி தாமதத்துக்கு வருந்துகிறோம்" என்று ஒருவர் எழுதினால், நீங்கள் சொல்லும் ஆபத்து நிஜம்தான்.

ஷிபுயா சுந்தரி:
நீலவானம் அக்கா சொல்வதில் பாதிக்கு மேல் ஒத்துக்கொள்கிறேன், ஆனால் எல்லா ஜப்பானியர்களையும் ஒரே தட்டில் வைப்பது சரியில்லை. நான் இருப்பது தோக்கியோவில் ஒரு சின்ன ஸ்டார்ட்அப். ஸ்லாக்கில் "14 என்னாச்சு?" என்று கேட்பேன், "நாளைக்கு" என்று பதில் வரும், அவ்வளவுதான். சூழலை வைத்துப் பேசும் நாடு, வெளிப்படையாகப் பேசும் நாடு என்று எட்வர்ட் ஹால் என்ற மானிடவியலாளர் பிரித்தார் என்பார்கள். எந்த அளவுகோலை வைத்துப் பிரித்தார் என்று கேட்டு விமர்சித்தவர்களும் உண்டு.

இன்னொன்று. அவர்கள் ஆங்கிலத்தை அகராதி வைத்துப் படிக்கிறார்கள். "உங்களால் ஒருவேளை இதைப் பரிசீலிக்க இயலுமானால் நாங்கள் எவ்வளவோ" என்று நீட்டினால் மரியாதை மட்டும் போய்ச் சேரும், விஷயம் வழியில் நின்றுவிடும். பிறகு மே 23 அன்று "தாமதமா? எப்போது சொன்னீர்கள்?" என்று கேட்பார்கள்.

நீலவானம்:
நீளம் பற்றிச் சொன்னது முழுக்கச் சரி, சுந்தரி. ஒரு வாக்கியத்தில் ஒரு விஷயம், அதுவும் குட்டி வாக்கியம். தாமதம் பற்றிய சேதி தலைப்பிலேயே இருக்க வேண்டும் என்பதும் அதனால்தான். கெட்ட சேதியை மெதுவாகச் சொல்லலாம், தாமதமாகச் சொல்லக் கூடாது. "முயற்சி செய்கிறோம்" என்று நம் ஆட்கள் கடைசி நாள் வரை ஓட்டுவதுதான் அவர்களை அதிகம் கடுப்பேற்றும், நேர்ப்பேச்சு இல்லை.

ஸ்டார்ட்அப் விஷயமும் சரிதான். விக்கியின் கிளையன்ட் எந்த ரகம் என்று பழைய மெயில்களைப் பார்த்தாலே தெரியும். அவர்கள் முதல் வரியில் நன்றி சொல்லித் தொடங்குகிறார்களா, நேரே விஷயத்துக்கு வருகிறார்களா, அதையே பின்பற்றலாம்.

திருப்பூர் பனியன்:
இங்கே என் கேள்வியும் கேட்டுவிடுகிறேன். ஜப்பான் பையர், குழந்தைகள் டி-ஷர்ட். ஊசி முறிந்தால் எல்லாத் துண்டும் தேடி எடுத்து ரெஜிஸ்டரில் ஒட்டி வைக்க வேண்டும், பெட்டி மூடுவதற்கு முன் ஒவ்வொரு பீஸும் நீடில் டிடெக்டரில் போக வேண்டும், அவ்வளவு கறார். ஆனால் சாம்பிள் கலர் பற்றிக் கேட்டால் "கொஞ்சம் யோசனையாக இருக்கிறது" என்று மட்டும் எழுதுகிறார்கள். ஓகேவா, இல்லையா?

நீலவானம்:
அது வேறு திசை, அண்ணே. நாம் எழுதுவது இல்லை, அவர்கள் எழுதுவதைப் படிப்பது. சுருக்கமாக: அதை ஓகே என்று எடுத்துத் துணியைச் சாயத்துக்குப் போடாதீர்கள். "இரண்டு ஷேடு அனுப்புகிறோம், எதற்கு அருகில் வேண்டும்?" என்று கேளுங்கள். இரண்டில் ஒன்றைச் சொல்வது அவர்களுக்குச் சுலபம், "வேண்டாம்" என்று சொல்வது கஷ்டம்.

வேளச்சேரி விக்கி:
மெயில் புரிந்தது. சிசி அப்படியே இருக்கலாமா?

நீலவானம்:
அதைத்தான் சொல்ல வந்தேன். என்னைக் கேட்டால், உங்கள் மெயிலில் மிகக் கடுமையானது சிசி வரிதான். எவ்வளவு பணிவாக எழுதினாலும், முன்னறிவிப்பு இல்லாமல் அவருடைய மேனேஜர் கண்ணில் "இன்னும் முடிவாகவில்லை" என்று பட்டால், ஊர் முன்னால் காதைத் திருகியது மாதிரி. முதலில் பொறுப்பாளரை மட்டும் போனில் பிடியுங்கள். அவர்கள் மூன்றரை மணி நேரம் முன்னால் இருப்பதால், நமக்குக் காலை பத்து என்றால் அங்கே மதியம் ஒன்றரை. "இப்படி ஒரு மெயில் போடலாம் என்று இருக்கிறேன், தேதி சரியா?" என்று கேளுங்கள். அவரே "மேனேஜரையும் சேர்த்துப் போடுங்கள்" என்று சொல்வதும் உண்டு. உள்ளே முடிவு வாங்க அது அவருக்கு உதவும்.

கறார் கந்தசாமி:
போனில் பேசினால் சாட்சி? சிசி இல்லை என்றால் நாளை அந்தப் பொறுப்பாளர் வேலை மாறிப் போனதும் எல்லாம் காற்றில்.

நீலவானம்:
சாட்சி மெயிலில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. கேள்விப் பட்டியல் இரண்டு பக்கமும் பார்க்கும் கோப்பு. கேட்ட தேதி, பதில் வேண்டிய தேதி, நிலை என்று அதில் பத்திகள் இருக்கும். ஏப்ரல் 17 அங்கே பதிவாகி இருக்கிறது, யாரையும் குற்றம் சொல்லாமல். போன் பேசி முடித்த அன்றே "இன்று பேசியது" என்று நான்கு வரி மெயில் போட்டு, பட்டியலிலும் ஏற்றிவிடுங்கள். வாரக் கூட்டக் குறிப்பிலும் அந்த வரி வரட்டும், அதை அவர் மேனேஜரும் படிப்பார்.

வேளச்சேரி விக்கி:
இன்று பேசிவிட்டேன். கணக்குப் பிரிவில் நிற்கிறதாம். மேனேஜரைச் சேர்த்தே மெயில் போடச் சொன்னார். போட்டேன். "புரிந்துகொண்டோம், உள்ளே சரிபார்க்கிறோம்" என்று மட்டும் பதில். 23 உறுதியா?

நீலவானம்:
இல்லை. அதில் தேதியும் இல்லை, எந்த வழி என்பதும் இல்லை. இன்னும் ஒன்றும் முடிவாகவில்லை என்றே வையுங்கள். 12ஆம் தேதி மதியம் வரை பார்த்துவிட்டு, "பழைய விதிப்படியே 15ஆம் தேதி வேலை தொடங்கலாமா?" என்று ஒரே கேள்வி கேளுங்கள்.

கறார் கந்தசாமி:
பழைய விதிப்படி செய்து, பிறகு மாற்றச் சொன்னால் அந்த 3 நாள் யார் கணக்கு? உங்கள் மெயிலில் "3 நாள் ஆகும்" என்று மட்டும்தான் இருக்கிறது. பில் போடுவோம் என்று எங்கே?

நீலவானம்:
வேண்டுமென்றேதான் விட்டேன். முதல் மெயிலிலேயே காசு பேசினால் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

கறார் கந்தசாமி:
வேலையைத் தொடங்கிய பிறகு பேசினால் தர மாட்டார்கள். 12ஆம் தேதி மெயிலில் அது வர வேண்டும்.

ஷிபுயா சுந்தரி:
இதில் நான் கந்தசாமி சார் பக்கம். "திருத்த 3 நாள், தனி எஸ்டிமேட் அனுப்புகிறோம்" என்று மெயிலின் கடைசியில் ஒரு வரி போட்டால் யாரும் கோபப்பட மாட்டார்கள். எஸ்டிமேட் இல்லாமல் வேலை செய்தால்தான் அங்கே முழிப்பார்கள்.

நீலவானம்:
எஸ்டிமேட் என்று போட்டால் ஒத்துக்கொள்கிறேன், ஆனால் தனி மெயிலாகத்தான் போடுவேன். விக்கி, ஒப்பந்தத்தில் மாற்ற வேலைக்கு என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் பாருங்கள்.