உதவி: அப்பா முகத்தை கியூப்பில் எடுத்தால் சாம்பல் பூசின மாதிரி வருகிறது

கொருக்குப்பேட்டை_பையன்
அவசரம். ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்கு அறுபது. அவர் போட்டோவிலிருந்து கட்டம் கட்டமாக ஒரு பொம்மை செய்கிறேன். நிறம் மாற்றினதும் முகம் பூரா சாம்பல் புள்ளி. என்ன தப்பு?

திருவொற்றியூர்_அக்கா
கம்ப்யூட்டரிலா, கையிலா? எத்தனை நிறம்? எத்தனை கட்டம்? எதில் மாற்றினாய்? ஒன்றுமே சொல்லாமல் என்ன தப்பு என்றால் எப்படி தம்பி?

மணலி_3டி
நான் MagicaVoxel-இல்தான் செய்வேன். 256 நிறம் இருக்கிறது, சாம்பலே வராது. அதில் போட்டுப் பாருங்கள்.

கொருக்குப்பேட்டை_பையன்
சாரி. நிஜ மரக் கியூப், 1 செ.மீ., சௌகார்பேட்டையில் வாங்கியது. 256 எல்லாம் இல்லை அண்ணா, ஆறே நிறம்: கருப்பு, வெள்ளை, சாம்பல், சிவப்பு, நீலம், தோல் நிறம். தலை 12 அகலம், 14 உயரம். பைதானில் இந்த வரிதான்:

```python
out = img.resize((12, 14)).quantize(palette=pal)
```

கரிச்சான்
இதை எத்தனை முறை சொல்வது? டிதரிங் என்றால் என்னவென்று படித்துவிட்டு வரவும். கையில் இல்லாத நிறத்துக்கு, இருக்கிற நிறங்களைப் புள்ளியாகக் கலந்து காட்டுவதுதான் அது. செய்தித்தாள் படமும் புள்ளிதான். பத்தடி தள்ளி நின்று பார்த்தால் முகம் தெரியும்.

பழைய_காசிமேடு
கரிச்சான் சொல்வது பாதி சரி. புள்ளி கலந்து நிறமாகத் தெரிய ஆயிரக்கணக்கில் புள்ளி வேண்டும். இங்கே முகத்துக்கு மொத்தமே 168 கட்டம். கன்னத்தில் தப்பான நிறத்தில் ஒரே ஒரு கியூப் இருந்தாலும் அம்மைத் தழும்பு மாதிரி நிற்கும். நீங்கள் கேட்காமலே `quantize` டிதரிங் செய்யும், அதன் வழக்கம் அது. நிறுத்துங்கள்:

```python
out = img.resize((12, 14), Image.BOX).quantize(
    palette=pal, dither=Image.Dither.NONE)
```

கொருக்குப்பேட்டை_பையன்
புள்ளி போச்சு அண்ணா. ஆனால் இடது கன்னம் மொத்தமாக சாம்பல் ஆகிவிட்டது!

பழைய_காசிமேடு
அந்தக் கன்னத்தின் நிறத்தில் சிவப்பு, பச்சை, நீலம் எவ்வளவு என்ற மூன்று எண், கியூப்களுக்கும் அதே எண், இரண்டையும் போடுங்கள். கியூப்பின் எண்ணைக் கடை அட்டையிலிருந்து எடுக்க வேண்டாம். ஜன்னல் வெளிச்சத்தில் எல்லாவற்றையும் வரிசையாக வைத்துப் படம் எடுத்துப் பாருங்கள்.

கொருக்குப்பேட்டை_பையன்
இடது கன்னம் 120,85,65. வலது 165,118,88. சாம்பல் 128,128,128. தோல் நிறம் 200,140,90. சிவப்பு 180,30,30. கருப்பு 30,30,30.

பழைய_காசிமேடு
சரி, கணக்கு போடுவோம். மூன்று எண்ணிலும் உள்ள வித்தியாசத்தை வர்க்கமாக்கிக் கூட்டினால் இடது கன்னத்துக்கும் சாம்பலுக்கும் 5,882, தோல் நிறத்துக்கு 10,050. கிட்டத்தில் இருப்பதைத்தானே அது எடுக்கும்? வலது கன்னம் தோல் நிறத்துக்கு 1,713 தூரத்தில்தான் இருக்கிறது, அதனால் தப்பித்தது. வலப் பக்கத்திலிருந்து வெளிச்சம் விழுந்த போட்டோ, அவ்வளவுதான்.

திருவொற்றியூர்_அக்கா
அப்போ சாம்பலை எடுத்துவிட்டால் முடிந்தது!

கொருக்குப்பேட்டை_பையன்
எடுத்தேன் அக்கா. இப்போது கன்னம் சிவப்பு. அப்பா யாரிடமோ அறை வாங்கின மாதிரி இருக்கிறார்.

பழைய_காசிமேடு
சிவப்புக்கு 7,850, அடுத்த கிட்டம் அதுதான். ஒவ்வொன்றாக எடுப்பதில் பயனில்லை. முகத்தை முதலில் பகுதியாகப் பிரியுங்கள். 168 கட்டம்தானே, கட்டம் போட்ட நோட்டில் பென்சிலால் வரைந்துவிடலாம். தோல் பகுதிக்குத் தோல் நிறமும் கருப்பும் மட்டும். நரைக்குச் சாம்பல். கண்ணுக்கு வெள்ளை ஒன்று, பக்கத்தில் கருப்பு ஒன்று. கன்னத்து நிழல் காணாமல் போகும், போகட்டும். பொம்மைக்கு நிஜ நிழல் விழுமே. மூக்கை ஒரு கியூப் முன்னால் தள்ளுங்கள், அது போதும்.

வியாசை_மணி
ஒரு கேள்வி. 200,140,90-க்கு யார் ‘தோல் நிறம்’ என்று பெயர் வைத்தது? எங்கள் தெருவில் பாதிப் பேர் அந்த இடது கன்னத்தின் நிறம்தான், வெயிலில் நின்றாலும். எங்கள் தாத்தாவைச் செய்தால் உங்கள் கணக்கு அவரை வெளுத்துவிடும்.

கரிச்சான்
கடைக்காரன் வைத்த பெயர். இதில் எதற்கு அரசியல்?

வியாசை_மணி
பெட்டியில் பழுப்பு ஒன்று இருந்திருந்தால் இந்த இழையே வந்திருக்காது. அதைத்தான் சொல்கிறேன்.

திருவொற்றியூர்_அக்கா
மணி சொல்வது நியாயம். சாயம் ஏறாத கியூப் தனியாகக் கிடைக்கிறது. பழுப்புப் பெயின்டில் நிறையத் தண்ணீர் விட்டு மெல்லிசாகப் பூசினால் மரத்தின் ரேகையும் தெரியும். பேரனுக்குச் செய்தபோது நான் அப்படித்தான் செய்தேன். காய ஒரு ராத்திரி வேண்டும்.

கரிச்சான்
அப்புறம் பின்மண்டைக்கு என்ன செய்வாராம்? போட்டோவில் முன்பக்கம்தானே இருக்கிறது?

கொருக்குப்பேட்டை_பையன்
நோட்டில் வரைந்து செய்தேன், கன்னம் சரியாகிவிட்டது. மீசைக்கு நரை வைக்காமல் கருப்பே வைத்தேன், அப்பா டை அடிப்பார். பின்மண்டை இன்னும் பாக்கி. வழுக்கையை எங்கே நிறுத்துவது என்று அம்மாவிடம் கேட்கப் போகிறேன்.