ஒப்பந்தத்தில் 1,200 வெள்ளி, ஐபிஏவில் 520 வெள்ளி: சிங்கப்பூர் வேலைக்கு எதை நம்புவது?

பேராவூரணி அக்கா:
தம்பிக்குச் சிங்கப்பூரில் கட்டுமான வேலை என்று ஏஜென்ட் இரண்டு தாள் கொடுத்திருக்கிறார். ஒன்று அவர் அலுவலகத்தில் அடித்த ஒப்பந்தம்: "மாதச் சம்பளம் 1,200 வெள்ளி, ஓடி எனும் கூடுதல் நேர வேலைக் கூலி உட்பட." கீழே பொடி எழுத்தில், மாதாமாதம் லெவி 100, சேமிப்பு 100 பிடிப்பார்களாம். இரண்டு வருடம் முடித்தால் சேமிப்பும் திரும்பி வர டிக்கெட்டும் உண்டு, நடுவில் வந்தால் டிக்கெட் நம் செலவு. இன்னொன்று சிங்கப்பூர் மனிதவள அமைச்சு தரும் முன்அனுமதிக் கடிதமான ஐபிஏ. அதில் பேசிக் 520, அலவன்ஸ் 0, பிடித்தம் 0, ஒர்க் பெர்மிட் என்று இருக்கிறது. "போனதும் அதைவிட மேல்நிலையான எஸ் பாஸ் ஆக்கிடலாம்" என்கிறார் ஏஜென்ட். மொத்தம் 3 லட்சம். 50,000 கட்டியாச்சு, மீதியை வெள்ளிக்கிழமைக்குள் கட்டச் சொல்கிறார்.

ஒரத்தநாடு குமார்:
பயப்படாதீங்க அக்கா. இந்திய அரசின் இமிக்ரேட் தளத்தில் வெளிநாட்டு வேலைக்கான கிளியரன்ஸ் எடுக்காமல் விமானம் ஏற விடமாட்டார்கள். ஒப்பந்தம் தப்பாக இருந்தால் சென்னையிலேயே நிறுத்திவிடுவார்கள்.

துவாஸ் ராஜா:
குமார் சொல்வது குவைத், சவுதி, மலேசியா மாதிரி நாடுகளுக்கு, அதுவும் அந்தக் கிளியரன்ஸ் கட்டாயமான ஈசிஆர் பாஸ்போர்ட்டுக்கு. சிங்கப்பூர் அந்தப் பட்டியலில் இல்லை. சென்னையில் யாரும் உங்கள் தாளைப் படிக்கப்போவதில்லை, நாமேதான் படிக்கணும்.

14 வருடமாக இங்கே சிங்கப்பூரில் சைட்டில் இருக்கிறேன். ஏஜென்ட் அடித்த தாளை ஓரமாக வையுங்கள். மனிதவள அமைச்சிடம் முதலாளி எழுதிக்கொடுத்த சம்பளம்தான் ஐபிஏவில் இருக்கிறது. நாளைக்குச் சம்பளப் புகார் என்று போனால் முதலில் பார்ப்பது அதைத்தான்.

520 என்றால் ஒரு நாளைக்கு 20 வெள்ளி, 26 நாள். அதிலிருந்து, வாரத்துக்கு 44 மணி நேரம் என்ற கணக்கில், ஒரு மணி நேரக் கூலி சுமார் 2.73 வெள்ளி வரும். ஓடிக்கு ஒன்றரை மடங்கு, 4.09. மாதத்துக்கு ஓடி 72 மணி நேரம்தான் வரம்பு, அது 295 வெள்ளி. நான்கு ஞாயிறும் முழுநாள் வேலை வாங்கினால் நாளுக்கு இரண்டு நாள் கூலி, 160 வெள்ளி. எல்லாம் கூட்டினாலும் 975. ஒரு ஞாயிறுகூட ஓய்வில்லாமல் உழைத்தும் 1,200 தொடாது.

பிடித்தம் அதைவிட மோசம். லெவி முதலாளி அரசுக்குக் கட்டுவது, தொழிலாளி தலையில் போடக்கூடாது. "சேமிப்பு" என்பது ஓடிப்போகாமல் இருக்கப் பிடித்து வைக்கும் பணம். ஐபிஏவில் பிடித்தம் 0 என்று இருக்கும்போது இந்த 200 எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள்.

எஸ் பாஸ் கதையை விட்டுவிடுங்கள். இப்போது புதிதாக எடுக்கக் குறைந்தபட்சச் சம்பளமே 3,300 வெள்ளி. 520 கொடுக்கிறவன் 3,300 கொடுப்பானா?

கத்தார் ரிட்டர்ன்:
எனக்கும் டிக்கெட் உண்டு என்று எழுதியிருந்தது. 11 மாதத்தில் அப்பா இறந்தபோது கேட்டால், "இரண்டு வருடம் ஆகணும்" என்று கை விரித்தார்கள். கடன் வாங்கித்தான் வந்தேன். அதனால் வருஷா வருஷம் டிக்கெட் என்று எழுதி வாங்குங்கள்.

துவாஸ் ராஜா:
வருத்தமான விஷயம் அண்ணே. ஆனால் அது லீவு டிக்கெட். இங்கே அது முதலாளியின் விருப்பம், எழுதியிருந்தால்தான் கேட்கலாம். பெர்மிட்டை முடித்து ஒரேயடியாக ஊருக்கு அனுப்பும்போது டிக்கெட் முதலாளி பொறுப்பு. "நடுவில் வந்தால் நம் செலவு" என்ற வரி இரண்டையும் ஒன்றாகக் குழப்புகிறது. எந்த டிக்கெட் என்று தனியாக எழுதச் சொல்லுங்கள்.

பேராவூரணி அக்கா:
ஏஜென்டிடம் இதையெல்லாம் கேட்டேன். "அங்கே தினமும் நாலு மணி நேரம் ஓடி சகஜம், எல்லாப் பசங்களும் பார்க்கிறாங்க" என்கிறார்.

துவாஸ் ராஜா:
நாலு மணி நேரம் வீதம் 26 நாள் என்றால் 104 மணி. 72ஐத் தாண்ட அமைச்சிடம் விலக்கு வாங்கணும். சில கம்பெனிகள் வாங்கியிருக்கும், இவர்கள் வாங்கினார்களா என்று எனக்குத் தெரியாது. ஐபிஏவில் கம்பெனி பெயர் இருக்கும், நேராக அவர்களிடமே கேளுங்கள். போலி ஐபிஏவும் சுற்றுகிறது, அதனால் mom.gov.sg தளத்தில் தம்பியின் விண்ணப்பம் உண்மையிலேயே இருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஒரத்தநாடு குமார்:
கிளியரன்ஸ் விஷயத்தில் நான் சொன்னது தப்புதான். ஆனால் emigrate.gov.in தளத்தில் பதிவுபெற்ற ஏஜென்ட் பட்டியல் உண்டு, அவர் பெயரைத் தேடுங்கள். பதிவு இருந்தால் சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம். 3 லட்சத்துக்கு ரசீது தரமாட்டார்.

பேராவூரணி அக்கா:
ஐபிஏ உண்மைதான், தளத்தில் காட்டுகிறது. கம்பெனியில் போன் எடுக்கவில்லை. ஏஜென்ட் பெயர் பட்டியலில் இல்லை. கட்டிய 50,000க்கு அவர் தந்தது வெறும் கைச்சீட்டு. மீதியைக் கட்டப்போவதில்லை. தம்பி மட்டும் "போனாப் பார்த்துக்கலாம் அக்கா" என்று பெட்டியை எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறான். அந்தக் கைச்சீட்டை வைத்துச் சென்னை குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தில் புகார் கொடுத்துப் பணம் திரும்ப வாங்கியவர் யாராவது உண்டா?