படிவம் போய்ச் சேர்ந்தது, சான்றிதழ் சேரவில்லை

வெள்ளவத்தைவாசி
சென்ற மாதம் ஓர் அலுவலகத்தின் இணையப் படிவத்தில் வேலைக்கு விண்ணப்பித்தேன். நேற்று அங்கிருந்து அழைத்து, "பட்டச் சான்றிதழ் இணைக்கப்படவில்லையே" என்றார்கள். போட்டோகொப்பிக் கடையில் ஸ்கேன் செய்த கோப்பு, 3.4 எம்பி. என் கையால் தெரிவு செய்தேன், பொத்தானுக்குப் பக்கத்தில் அதன் பெயர் வந்ததையும் பார்த்தேன். கடைசியில் "விண்ணப்பம் கிடைத்தது" என்று பச்சை எழுத்திலும் வந்தது. யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

தெமட்டகொடைத் தம்பி
இணைய வேகம்தான் காரணம், அக்கா. மாலையில் எங்கள் பக்கமும் இழுபறிதான். கோப்பு பாதி வழியில் நின்றிருக்கும். இரவு பன்னிரண்டுக்குப் பிறகு அனுப்புங்கள்.

கொட்டாஞ்சேனை மாமா
எனக்கும் இதே கதை. மகளின் திருமண அழைப்பிதழை எல்லோருக்கும் மின்னஞ்சலில் அனுப்பினேன். "இணைத்துள்ளேன்" என்று எழுதியவன் இணைக்க மறந்துவிட்டேன். நாற்பது பேர் "எங்கே அழைப்பிதழ்?" என்று கேட்டார்கள்.

மருதானை நிரலாளர்
மாமா, அது மறதி. அக்கா மறக்கவில்லை. தம்பி சொல்வதில் பாதி சரி. இணைப்பு அறுந்தால் கோப்பு போகாது. ஆனால் அப்போது பெரும்பாலும் முழுப் படிவமுமே போகாது, உலாவி பிழையைக் காட்டும். இங்கே மற்ற விவரங்களெல்லாம் சேர்ந்து கோப்பு மட்டும் காணாமல் போயிருக்கிறது.

அக்கா, ஒன்றைச் சொல்லுங்கள். சமர்ப்பித்தபோது இடையில் பக்கம் ஒருமுறை திரும்பி வந்ததா?

வெள்ளவத்தைவாசி
வந்தது! அடையாள அட்டை இலக்கத்தைப் பழைய முறையில், ஒன்பது இலக்கமும் V எழுத்துமாகக் கொடுத்தேன். புதிய 12 இலக்கம்தான் வேண்டும் என்று சிவப்பில் காட்டியது. திருத்தி மறுபடியும் அழுத்தினேன். பெயர், முகவரி எல்லாம் அப்படியே இருந்தன.

மருதானை நிரலாளர்
இரண்டாவது முறை எவ்வளவு நேரம் எடுத்தது?

வெள்ளவத்தைவாசி
முதல் முறை அரை நிமிடம் சுற்றியது. இரண்டாவது முறை ஒரே நொடி. "அப்பாடா" என்றுகூட நினைத்தேன்.

மருதானை நிரலாளர்
அந்த ஒரு நொடியில்தான் விஷயம் இருக்கிறது. பிழையோடு பக்கம் திரும்பும்போது நீங்கள் எழுதியவற்றைத் தளத்தால் மீண்டும் நிரப்ப முடியும். கோப்புப் பெட்டியை நிரப்ப முடியாது. உங்கள் கணினியிலிருந்து தானாகக் கோப்பெடுக்க எந்தத் தளத்துக்கும் உலாவி இடம் கொடுப்பதில்லை, அது பாதுகாப்புக்காக. ஆகவே அந்தப் பெட்டி மட்டும் காலியாகிவிடும், பக்கத்தில் No file chosen என்று சாம்பல் எழுத்தில் இருக்கும். சிவப்பு எழுத்தைத் தேடும் கண்ணுக்கு அது படாது. கோப்பு கட்டாயம் என்று அந்தப் படிவத்தில் வைக்கவில்லை போலும். அதனால்தான் வெறும் எழுத்தையே ஏற்றுக்கொண்டு பச்சை காட்டியிருக்கிறது. 3.4 எம்பி போக எடுக்கும் நேரத்தை இரண்டாவது முறை எடுக்கவில்லை என்பதே அடையாளம்.

நானும் யோக்கியனல்ல. பழைய வேலையில் நான் எழுதிய படிவமொன்றும் கோப்புகளை விழுங்கியது. அதை எழுதியது பிஎச்பி என்ற நிரல்மொழியில். அதில் எதையும் மாற்றாவிட்டால் உச்ச அளவுகள் இப்படி இருக்கும், முதலாவது ஒரு கோப்புக்கு, இரண்டாவது முழுப் படிவத்துக்கு:

```
upload_max_filesize = 2M
post_max_size = 8M
```

3 எம்பிக் கோப்பு வந்தால் எழுத்துகள் சேரும், கோப்பு மட்டும் கைவிடப்படும். பிழை எண் 1 என்று உள்ளே குறிக்கப்படும். நான் அந்த எண்ணைப் பார்க்கவே இல்லை. வேடிக்கை என்னவென்றால் 9 எம்பிக் கோப்பு வந்தால் படிவம் முழுவதுமே வெறுமையாகி, பெயர்கூட இல்லை என்று தளம் கத்தும். பெரிய கோப்பு அனுப்பியவர்கள் அன்றே கண்டுகொண்டார்கள். நடுத்தர அளவுக்காரர்கள்தான் மாதக்கணக்கில் தெரியாமல் இருந்தார்கள்.

தெமட்டகொடைத் தம்பி
ஆனால் 100% என்று பட்டை நிறைந்துவிட்டால் பயமில்லைதானே?

மருதானை நிரலாளர்
இல்லை, தம்பி. அந்தப் பட்டை உலாவியிலிருந்து எவ்வளவு வெளியேறியது என்பதை மட்டும் கணக்கிடும். அங்கே வைத்துக்கொண்டார்களா என்பது அதற்குத் தெரியாது. சமர்ப்பித்த பிறகு "விண்ணப்பத்தைப் பார்" என்ற இடம் இருந்தால் போய், கோப்பின் பெயரை அழுத்தித் திறந்து பாருங்கள். கடைசிப் பக்கம் வரை போகட்டும். அப்படி இடமில்லாமல், உறுதி மின்னஞ்சலிலும் கோப்பின் பெயர் இல்லாவிட்டால் அன்றே அழைத்துக் கேளுங்கள். முடிவுத் திகதிக்கு இரண்டு நாள் முன்பே அனுப்பச் சொல்வது இதற்காகத்தான்.

பம்பலப்பிட்டி மாணவி
என் ஒப்படையில் கோப்பின் பெயர் தெரிகிறது, அழுத்தினால் திறக்கவில்லை. அளவு 0 கேபி. கைப்பேசியிலிருந்து அனுப்பினேன்.

மருதானை நிரலாளர்
மூலக் கோப்பு கைப்பேசியிலேயே இருந்ததா, மேகச் சேமிப்பில் மட்டும் இருந்ததா? இறங்காத கோப்பைத் தெரிவு செய்தால் அப்படி ஆகலாம். அதுதான் என்று சொல்ல மாட்டேன்.

பம்பலப்பிட்டி மாணவி
தெரியவில்லை. நேற்றே அழித்துவிட்டேன்.

வெள்ளவத்தைவாசி
வெள்ளிக்கிழமைக்குள் நேரில் கொடுக்கலாம் என்றார்கள். சான்றிதழின் பிரதியோடு நாளை காலை 100ஆம் இலக்க பஸ்ஸில் புறப்படுகிறேன். மூலத்தையும் கொண்டுபோகச் சொன்னார்கள், அதுதான் எங்கே வைத்தேனென்று தேடிக்கொண்டிருக்கிறேன்.