தானாகப் போகும் மடலுக்கும் கையால் அனுப்பும் மடலுக்கும் ஒரே சொல்லா?

மலர்விழி:
வணக்கம். ஒரு மின்னஞ்சல் செயலியின் அமைப்புப் பக்கத்தைத் தமிழாக்கி வருகிறேன். மடலைத் திறந்ததும் மேலே தெரியும் ஃபார்வர்ட் பொத்தான் ஒன்று. இந்த முகவரிக்கு வருவதையெல்லாம் அந்த முகவரிக்குத் தானாக அனுப்பச் சொல்லும் ஃபார்வர்டிங் இன்னொன்று. இரண்டுக்கும் 'முன்னனுப்பு' என்று போட்டுவிட்டேன். அதற்குக் கீழே, ஒரே பெட்டிக்கு இன்னொரு முகவரியும் வைத்துக்கொள்ளும் அலியாஸுக்கு 'மாற்றுப்பெயர்'. பல முகவரிகளை ஒரே பெட்டியில் பார்க்க விரும்புகிறவர்தான் இந்தப் பக்கத்துக்கு வருவார். சொல்லைப் படித்தே எது தனக்கு வேண்டும் என்று அவருக்குப் புரியுமா?

ராஜேஷ்:
நான் தண்டர்பேர்ட் என்ற மடல் செயலியில் மூன்று கணக்குகளையும் ஐமேப் மூலம் சேர்த்து ஒரே பட்டியலாகப் பார்க்கிறேன். ஃபார்வர்ட் எதற்கு?

மலர்விழி:
ராஜேஷ், அது உங்கள் கணினியில் மட்டும் ஒன்றாகத் தெரிவது. மடல்கள் அந்தந்தப் பெட்டியிலேயே இருக்கும். நான் கேட்பது சர்வரில் நடப்பதற்கான சொல்.

சிவகுரு:
ஒரே சொல் போதாதம்மா. பொத்தானை அழுத்தினால் புது மடல் பிறக்கிறது, அனுப்புநர் நீங்கள். தானாகப் போவதில் அனுப்புநர் மாறுவதில்லை. பேங்க் அனுப்பியது பேங்க் பெயரிலேயே போகும். கொண்டுபோய்ச் சேர்ப்பது மட்டும் நடுவில் இருக்கும் சர்வர். பேங்க் வெளியிட்டிருக்கும் ஐபி பட்டியலில் அந்த சர்வர் இல்லாததால் எஸ்பிஎஃப் சோதனை தோற்கும். சொல்லில் இந்த வேறுபாடு தெரிய வேண்டும்.

தமீம்:
அப்படியானால் 'கைமாற்று' எப்படி? கை மாறிப் போகிறது, பொருள் மாறவில்லை.

பாக்கியம்:
தம்பி, கைமாற்று என்றால் மாதக் கடைசியில் பக்கத்து வீட்டில் வாங்கும் கடன். வேண்டாம். 'வழிமாற்று' விக்கிப்பீடியாவில் ஏற்கெனவே இருக்கிறது, ஆனால் அங்கே ஒரு தலைப்பைத் தேடினால் இன்னொரு தலைப்புக்குக் கொண்டுபோவது அது. பார்த்தால் அலியாஸுக்குத்தான் நெருக்கம். நான் சொல்வது 'மடைமாற்று'. தண்ணீர் அதேதான், ஓடும் வாய்க்கால் வேறு.

ஜெயந்தி:
என் கதையைச் சொல்கிறேன், சொல் தேர உதவலாம். படித்த கல்லூரி தந்த முகவரியிலிருந்து என் சொந்தப் பெட்டிக்குத் தானாக வரும்படி வைத்திருந்தேன். நான்கு மாதம் பேங்க் கணக்கறிக்கை வரவில்லை. ஒன்று மட்டும் ஸ்பாமில் கிடைத்தது. அதன் மூலத்தைத் திறந்தால் இப்படி இருந்தது (பெயர்களை மாற்றியிருக்கிறேன்):

```
spf=fail smtp.mailfrom=bank.example
dkim=fail (body hash did not verify)
dmarc=fail header.from=bank.example
```

தமீம்:
எஸ்பிஎஃப்தானே சிக்கல்? கல்லூரி சர்வரில் எஸ்ஆர்எஸ் என்ற முறையைப் போட்டால், சர்வர்களுக்கிடையே பயன்படும் உறையில் இருக்கும் அனுப்புநர் முகவரி கல்லூரியுடையதாக மாறிவிடும். முடிந்தது.

சிவகுரு:
பாதிதான் முடியும் தமீம். எஸ்பிஎஃப் தேறும், ஆனால் கல்லூரியின் பெயரில் தேறும். மடலில் கண்ணுக்குத் தெரியும் அனுப்புநர் பேங்க். இரண்டும் பொருந்துகிறதா என்று பார்ப்பதுதான் டிமார்க், பொருந்தாததால் அதைக் கணக்கில் எடுக்காது. அப்புறம் மிஞ்சுவது பேங்க் சர்வர் மடலில் இட்ட டிகிம் கையொப்பம் மட்டுமே. மடலின் உள்ளடக்கத்தைத் தொடாதவரை அது வழியில் உடையாது. ஜெயந்தி காட்டிய இரண்டாவது வரியைப் பாருங்கள், யாரோ உள்ளே கை வைத்திருக்கிறார்கள்.

ஜெயந்தி:
ஆமாம் ஐயா. 'இது வெளியிலிருந்து வந்த மடல்' என்று கல்லூரி சர்வர் அடியில் ஒரு வரி சேர்த்துக்கொண்டிருந்தது. கேட்டு அதை எடுக்க வைத்த பிறகு `dkim=pass`, `dmarc=pass`. எஸ்பிஎஃப் இன்னும் தோற்கிறது, ஆனாலும் மடல் வருகிறது. மற்ற மூன்றும் எங்கே போயின?

சிவகுரு:
என் ஊகம், உங்கள் சர்வர் ஏற்க மறுத்திருக்கும். அப்படி மறுத்தால் திரும்பும் தகவல் உறையில் உள்ள முகவரிக்கு, அதாவது பேங்குக்குப் போகும். உங்களுக்கு எதுவும் தெரியாது. அதனால்தான் பழைய பெட்டியில் ஒரு நகல் வைக்கும் தேர்வை யாரும் அணைக்கக் கூடாது என்கிறேன்.

பாக்கியம்:
நகல் அங்கேயும் தங்குமா? அப்படியானால் என் 'மடைமாற்று' கொஞ்சம் இடிக்கிறது. மடையை மாற்றினால் பழைய வாய்க்கால் காய்ந்துவிடுமே.

மலர்விழி:
இருந்தாலும் அனுப்புநர் மாறாததை அது சொல்லிவிடுகிறது அக்கா. சரி, அலியாஸ்?

பாக்கியம்:
'மாற்றுப்பெயர்' என்று பார்த்தால் தன் முகவரியை மாற்றும் இடம் என்று நினைப்பார்கள். சென்னையில் ஒரே வீட்டுக்குப் பழைய எண், புதிய எண் இரண்டும் எழுதுவோம் அல்லவா, அலியாஸ் அதுதான். 'உடன்முகவரி' என்கிறேன்.

சிவகுரு:
நல்ல உவமை. வீடு ஒன்றுதான் என்பதால் நடுவில் இன்னொரு சர்வருக்கு மறுபடி அனுப்பும் வேலை இல்லை, மேலே சொன்ன கோளாறும் இல்லை. ஆனால் சாவியும் ஒன்றுதான். அந்தக் கணக்கு பூட்டப்பட்டால் எல்லா முகவரிகளும் சேர்ந்து போகும். இன்னொன்று, பதில் அனுப்பும்போது அனுப்புநரைத் தேர்ந்தெடுக்காவிட்டால் பல செயலிகளில் முதன்மை முகவரியே போய்விடும். கடைக்காரருக்குக் கொடுத்த உடன்முகவரியிலிருந்து ஒரு பதில் போட்டால் போதும், சொந்த முகவரி அவர் கையில்.

தமீம்:
`malar+kadai@` என்று கூட்டல் குறி போட்டு எழுதுவதும் உடன்முகவரியா?

சிவகுரு:
அதில் முதன்மைப் பெயர் வெளிப்படையாகவே தெரிகிறது. வேறு சொல் தேவை.

மலர்விழி:
பொத்தானுக்கு 'முன்னனுப்பு', தானாகப் போவதற்கு 'மடைமாற்று', அலியாஸுக்கு 'உடன்முகவரி' என்று இப்போதைக்கு இடுகிறேன். மடைமாற்றுக்குக் கீழே 'நகலை இங்கேயும் வைத்திரு' என்ற தேர்வு உடனே வருவதால் பாக்கியம் அக்காவின் ஐயத்துக்கு அதுவே பதிலாகலாம். கூட்டல் குறிக்கு 'கிளைமுகவரி' என்று யோசிக்கிறேன். அலுவலகக் கிளையின் முகவரி என்று குழப்புமோ?