புதுப்பிப்பு: அப்பாவின் நாடித்துடிப்பு 42, தலைசுற்றல்

நான் கேட்டிருந்தது: "அப்பாவுக்கு 74 வயது. எழுந்தாலே தலை சுற்றுகிறது. பிபி மெஷினில் துடிப்பு 42 காட்டுகிறது. ஈசிஜி இன்றே எடுக்கணுமா?"

பதில் போட்ட எல்லோருக்கும் நன்றி. மெஷின் தப்பாகக் காட்டலாம், கையால் எண்ணுங்கள் என்றார் ஒருவர். நியாயம்தான், முழு நிமிடம் எண்ணினேன். 41. தன் மாமாவுக்கு எப்போதும் 48தான், ஓட்டக்காரர் என்று இன்னொருவர் எழுதினார். மாமாவுக்குத் தலைசுற்றல் இல்லையே!

உதவியது நர்ஸ் அக்கா சொன்னது: துடிப்பு 50க்குக் கீழே, கூடவே தலைசுற்றல் என்றால் அன்றே ஈசிஜி, மயக்கம், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் இருந்தால் நேரே அவசரப் பிரிவு, சொட்டு மருந்து உட்பட எல்லா மருந்தையும் எடுத்துப் போங்கள்.

ஈசிஜியில் இதயத்தின் மேலறை இரண்டு முறை துடித்தால் கீழறைக்கு ஒன்றுதான் போய்ச் சேர்ந்தது. உடனே அட்மிட், மானிட்டர். பொட்டாசியம், தைராய்டு சரி.

எதிர்பாராதது கண் சொட்டு மருந்து. பிபிக்கு மெட்டோபிரோலால், கண் அழுத்தத்துக்கு டிமோலால். இரண்டும் இதயத்தை மெதுவாக்கும் ஒரே வகையாம். கண் மருத்துவரிடம் பிபி மாத்திரையை நாங்கள் சொல்லவே இல்லை. மருத்துவமனையில் இரண்டையும் நிறுத்தி, கண்ணுக்கு லாட்டனோபிராஸ்ட் மாற்றினார்கள். (வீட்டில் நீங்களாக நிறுத்தாதீர்கள், மெட்டோபிரோலாலைத் திடீரென விட்டால் வேறு சிக்கல் வரும்.)

மூன்றாம் நாள் துடிப்பு 64, சுற்றல் இல்லை. ஆனாலும் மருந்து போன பிறகும், மேலறைத் துடிப்பு கீழறைக்குப் போகாத இந்தத் தடை திரும்பலாம் என்கிறார் மருத்துவர். அடுத்த வாரம் ஹோல்டர், அதாவது உடலில் மாட்டி நாள் முழுக்க ஈசிஜி பதியும் சோதனை. பேஸ்மேக்கர் வேண்டுமா என்பது அதைப் பார்த்துத்தான்.